வாடிக்கையாளர் பாராட்டை எழுத்தாகவும் வீடியோவாகவும் வாங்கிச் சம்மதத்தோடு போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சின்ன வியாபாரம் செய்கிறவர்களுக்குப் பேனரும் முகநூல் பக்கமும் செய்து கொடுக்கிறேன். தையல், முறுக்கு, கேட்டரிங், ஏர்கோன் என்று தொழில் எதுவானாலும், வருகிறவர்கள் இந்தச் சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். விளக்கத்துக்குப் பெரும்பாலும் கல்யாண ரவிக்கை தைக்கும் ஒரு அக்காவின் கடையையே எடுத்துக்கொண்டேன். தோட்டத்திலும் தாமானிலும் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், சம்மதம் என்ற விஷயம் தையல் கடையில்தான் முதலில் தலைதூக்கும்.

சாமான கொடுக்கும்போதே கேட்டுடலாமா, இல்ல அப்புறம் கேட்கணுமா?

அப்புறம்தான். ரவிக்கையை வாங்கிக்கொண்டு போகிற நேரத்தில் வாடிக்கையாளருக்குத் தெரிந்ததெல்லாம் அது பார்க்க அழகாக இருக்கிறது என்பது மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் அரை நாள் உட்கார்ந்து, கையைத் தூக்கி மாலை மாற்றி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் தையல் எப்படி என்று சொல்ல முடியும். கல்யாணம் முடிந்து மூன்று நான்கு நாள் கழித்துக் கேளுங்கள். வீட்டில் விருந்தாளிகள் போயிருப்பார்கள், படங்களும் கைக்கு வந்திருக்கும். ஒரு மாதம் தள்ளிவிட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற அளவுக்கே ஞாபகம் நிற்கும்.

தொழிலுக்குத் தகுந்தபடி நாள் மாறும். கேட்டரிங் என்றால் மறுநாளே கேட்கலாம். ஏர்கோன் பழுது பார்த்தவர் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். கேஸ் மெதுவாகக் கசிகிறது என்றால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். அதற்கு முன்பே பாராட்டு வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு அதே வீட்டிலிருந்து புகார் வந்தால் இரண்டு பக்கமும் சங்கடம்.

"ரிவியூ போடுங்க"ன்னு கேட்டா "சூப்பர் அக்கா"ன்னு மட்டும் வருது. என்ன கேட்டா விவரமா சொல்வாங்க?

பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். மூன்று கேள்வி போதும். எங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் என்ன பயம் இருந்தது? போட்டுப் பார்த்தபோது என்ன கவனித்தீர்கள்? உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? முதல் கேள்விதான் முக்கியம். அடுத்து வரப்போகிற வாடிக்கையாளருக்கும் அதே பயம்தான் இருக்கும்.

தையல்கார அக்காவுக்கு ஒரு மணப்பெண்ணின் அம்மா அனுப்பிய பதில் இப்படி இருந்தது: "மூத்தவளுக்கு ஈப்போவுலதான் தைச்சோம், கை டைட்டாயி மண்டபத்துல தையல பிரிச்சி விட்டோம். இங்க குடுக்க பயமாத்தான் இருந்துச்சு. சின்னவளுக்கு ரெண்டு தடவ போட்டுப் பாக்க கூப்பிட்டு கைய லூஸ் பண்ணி குடுத்தாங்க. அன்னிக்கி ஒரு ஊசி கூட குத்தல." இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிக்கிற இன்னொரு அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இரண்டு முறை போட்டுப் பார்க்கக் கூப்பிடுவார்கள் என்பதை விளம்பரத்தில் நாமே எழுதினால் நம்புவார்களோ மாட்டார்களோ, ஒரு அம்மா சொன்னால் நம்புவார்கள்.

கேள்விகளை ஒரே செய்தியில் மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொன்றாக அனுப்புங்கள். முதலாவதற்குப் பதில் வந்த பிறகு அடுத்தது.

எங்க கஸ்டமர் பாதிப் பேரு வயசானவங்க. எழுத வராது, வாய்ஸ்தான் அனுப்புவாங்க. அதை எப்படிப் போடுறது?

குரல் பதிவு எழுத்தைவிட நல்லது. எழுதும்போது எல்லாரும் கொஞ்சம் விறைப்பாகிவிடுவார்கள், பேசும்போது உள்ளது உள்ளபடி வரும். பேசியதை அப்படியே எழுதி எடுங்கள். "வந்து", "அது என்னன்னா" போன்றவற்றையும் இரண்டு முறை சொன்னதையும் விட்டுவிடலாம். பேச்சு வழக்கை மாற்ற வேண்டாம். தோட்டத்துப் பாட்டி இலக்கணத் தமிழில் பேசியதாகப் போட்டால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுதியதை அவருக்குத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். நேரில் முடியாவிட்டால் நீங்களே ஒரு குரல் பதிவாகப் படித்து அனுப்பி, "இப்படித்தான் பாட்டி போடப்போறோம், சரிதானா?" என்று கேளுங்கள். அவர் "சரி" என்று அனுப்பும் பதிவைப் பத்திரமாக வையுங்கள். அந்தக் குரலையே எங்காவது ஒலிக்க விடுவதாக இருந்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். எழுதிப் போடச் சம்மதித்ததாலேயே குரலுக்கும் சம்மதித்துவிட்டதாக ஆகாது.

எழுத்துப் பிழையத் திருத்தலாமா? நீளமா இருந்தா வெட்டலாமா?

பிழை திருத்தலாம், வெட்டலாம். பொருள் மாறக்கூடாது. ஒரு பதிலில் "குடுத்த தேதிக்கு ஒரு நாள் லேட்டு, ஆனா தையல் அருமை" என்று இருந்தது. முன்பாதியை வெட்டிவிட்டால் வாடிக்கையாளர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும். அதை முழுதாகப் போடுங்கள், அல்லது அந்தப் பாராட்டையே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் முழுதாகப் போடச் சொல்வேன். ஒரு நாள் தாமதத்தை மறைக்காத கடை மற்றதையும் மறைக்காது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

திருத்திய பிறகு கடைசி வடிவத்தை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்ததைத் தமிழாக்கிப் போடுவதற்கும் இதே முறைதான்.

அவங்களே வாட்ஸ்அப்ல பாராட்டி அனுப்புனாங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டா என்ன தப்பு?

உங்களுக்கு அனுப்பியது ஊருக்கு அனுப்பியது ஆகாது. நன்றி சொல்லும்போது அவர் உங்களிடம் மட்டும்தான் பேசுகிறார். அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். மேலே அவர் பெயரோ எண்ணோ இருக்கும், பக்கத்தில் முகப்படம். கொஞ்சம் மேலே "மீதி 180 வெள்ளி நாளைக்கி போடுறேன்" என்று எழுதியிருப்பதும் சேர்ந்து வந்திருக்கும். யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்குப் பாக்கி என்பது பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

குழுவில் வந்த செய்தி என்றால் மற்றவர்களின் பெயர்களும் எண்களும் சேர்ந்து வரும். அதை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடவே வேண்டாம். எழுதியவரிடம் தனியாகக் கேட்டு, வாசகத்தை மட்டும் அட்டையாகச் செய்து போடுங்கள்.

கூகுள் வரைபடத்தில் அவரே எழுதிய மதிப்புரை ஏற்கெனவே பொதுவில்தான் இருக்கிறது. அங்கேயே அதற்குப் பதில் எழுதலாம், அதன் இணைப்பைப் பகிரலாம். பெயரோடு எடுத்துப் பேனரில் அடிப்பதற்குக் கேட்டுவிடுவதே முறை.

சம்மதம் வாங்க ஃபாரம் அடிக்கணுமா? வாயால சொன்னா போதாதா?

வாயால் சொன்னதைப் பிறகு காட்ட முடியாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்தில் திரட்டும் தனிப்பட்ட விவரங்களுக்குப் பொருந்தும். கடை சிறியது என்பதால் விலக்கு கிடையாது. அதன் கீழ் 2013இல் வந்த விதிகள், சம்மதத்தைப் பதிவு செய்து பராமரிக்கக் கூடிய வடிவத்தில் பெற வேண்டும் என்கின்றன. காகிதப் பாரம்தான் வேண்டும் என்றில்லை. தெளிவான ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அதற்கு வந்த பதிலும் அந்த வேலையைச் செய்யும். தையல்கார அக்கா அனுப்புவது இது:

"அக்கா, நீங்க சொன்னதையும் ரவிக்கை படத்தையும் எங்க முகநூல் பக்கத்திலும் கடைச் சுவரிலும் போடலாமா? பேர் 'திருமதி க., சுங்கை சிப்புட்' என்று மட்டும் வரும். முகம் வராது. ஒரு வருசம் இருக்கும். நடுவில் வேண்டாம்னு எப்போ சொன்னாலும் எடுத்துடுவோம். போடாட்டியும் பரவாயில்ல. சரின்னா 'சம்மதம்'னு பதில் போடுங்க."

எது, எங்கே, எந்தப் பெயரில், எவ்வளவு காலம் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இதில் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் மறுபடி கேட்க வேண்டும். முகநூலுக்குச் சம்மதித்தவர் பெரிய சாலையோரப் பேனருக்கும் சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளக்கூடாது. இதோடு, விவரங்களை எதற்காகத் திரட்டுகிறோம் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டு மொழியிலும் அச்சடித்து வைத்து, தமிழ்ச் செய்தியோடு அதன் படத்தையும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. வாடிக்கையாளரோ நீங்களோ தானாக மறையும் செய்தி அமைப்பைப் போட்டு வைத்திருந்தால், அந்தச் சம்மதம் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ மறைந்துவிடும். பதில் வந்த அன்றே படமெடுத்து, வாடிக்கையாளர் பெயரில் தனிக் கோப்புறையில் வைத்து, கைப்பேசிக்கு வெளியேயும் ஒரு நகல் வையுங்கள்.

வீடியோன்னா கேமராவப் பார்த்ததும் பேச்சே வர மாட்டேங்குது. எப்படி எடுக்கிறது?

"பேசுங்கக்கா" என்று சொல்லிவிட்டு கைப்பேசியை நீட்டினால் யாருக்கும் பேச்சு வராது. மேலே சொன்ன அதே மூன்று கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும், அவர் உங்களைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கைப்பேசியை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவிடுங்கள். உங்கள் குரலைப் பிறகு வெட்டப்போகிறீர்கள் என்பதால் கேள்வியையும் பதிலோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். "பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னால் எது என்று புரியாது. "இங்க தைக்கக் குடுக்க முதல்ல பயமா இருந்துச்சு" என்றால் தனியாக நிற்கும். யாரையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், ஒப்பிப்பது முகத்திலேயே தெரியும்.

படத்தைவிடச் சத்தம்தான் பலரைக் கவிழ்க்கிறது. தலைக்கு மேல் ஓடும் விசிறியை நிறுத்துங்கள். வானொலியையும் நிறுத்துங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை காரணமாக முகநூல் சத்தத்தை அடக்கிவிடக்கூடும், பேச்சும் அதோடு போய்விடும். தகரக் கூரை வீடு என்றால் காலையில் எடுங்கள், சாயங்கால மழை பிடித்தால் ஒன்றுமே கேட்காது. ஐந்து விநாடி எடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வெளிச்சத்துக்கு வாடிக்கையாளர் வாசலையோ சன்னலையோ பார்த்து உட்கார வேண்டும், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும். லென்ஸைத் துடைப்பதை மறக்காதீர்கள், எண்ணெய்க் கை பட்ட கைப்பேசிதான் எல்லார் கையிலும் இருக்கிறது.

எடுத்து முடித்ததும் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். தையல் கடைச் சுவரில் அளவு நோட்டு விரிந்து தொங்கும், பைகளில் மற்றவர்களின் பெயரும் எண்ணும் ஒட்டியிருக்கும். அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. மூன்று பதிலையும் சேர்த்து 30, 40 விநாடிக்குள் வெட்டி, கீழே எழுத்தும் போடுங்கள், பலர் சத்தம் இல்லாமல்தான் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

முகம் வேண்டாங்கிறாங்க. அப்போ வீடியோவே விட்டுடலாமா?

வேண்டியதில்லை. கையை மட்டும் காட்டலாம். ரவிக்கையை மேசையில் விரித்துக் கைத்தையலை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே அவர் பேசட்டும். தைத்த நுணுக்கம் முகத்தைக் காட்டும் வீடியோவைவிட இதில்தான் நன்றாகத் தெரியும்.

முகத்தை மங்கலாக்கிப் போடுவதை நான் செய்து கொடுப்பதில்லை. குரல், நகை, பின்னால் தெரியும் வீடு, இவற்றில் ஒன்றே போதும், ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பார்ப்பவருக்கும் ஏதோ குற்றச் செய்தி போலத் தோன்றும். குரலிலேயே அடையாளம் தெரிந்துவிடும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள்.

கல்யாண போட்டோவை அவங்களே அனுப்புனாங்க. அதைப் போடலாம்தானே?

இரண்டு பேரைக் கேட்க வேண்டும். ஒருவர் படத்தில் இருப்பவர். அம்மா அனுப்பினாலும் படத்தில் இருப்பது மகள் என்றால் மகளின் சம்மதம் வேண்டும். இன்னொருவர் படம் எடுத்தவர். கல்யாணப் படக்காரர் எடுத்தது என்றால், யார் எங்கே பயன்படுத்தலாம் என்பது குடும்பம் அவரோடு பேசிய ஏற்பாட்டைப் பொறுத்தது. பெரும்பாலும் "படம்: இன்னார்" என்று போட்டால் போதும் என்பார்கள். கேட்காமல் அவருடைய முத்திரையை வெட்டிவிட்டுப் போடுவதில்தான் சண்டை வருகிறது.

பரதநாட்டிய உடுப்பு தைக்கிறேன், டியூஷனும் எடுக்கிறேன். பிள்ளைங்க பேசுனா அழகா இருக்குமே?

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும், அதே 2013 விதிகளிலேயே இருக்கிறது. அதற்கு மேல் பிள்ளையையும் கேளுங்கள். அம்மா சரி என்று சொல்லி, பிள்ளை கூச்சப்பட்டு நின்றால் எடுக்காதீர்கள். பள்ளிச் சீருடை, பள்ளிப் பெயர், வீட்டு எண் எதுவும் தெரியக்கூடாது. டியூஷன் மதிப்பெண்ணைப் பிள்ளையின் பெயரோடு போடுவதைவிட, அம்மா தன் அனுபவத்தைச் சொல்லும் சிறு வீடியோவே போதுமானது.

பாராட்டு எழுதுனா 10 வெள்ளி கழிவு தர்றேன்னு சொல்லலாமா?

கூகுள் மதிப்புரைக்குக் கூடாது. கழிவோ பரிசோ கொடுத்து மதிப்புரை வாங்குவதை கூகுள் தடை செய்திருக்கிறது, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் அப்படித்தான். உங்கள் சுவரில் போடும் பாராட்டுக்குக் கழிவு கொடுத்திருந்தால், கொடுத்தது என்று அதிலேயே எழுதுங்கள். வாங்காதவர் வாங்கியதாகச் சொல்வது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொய்யான அறிவிப்பில் வந்து சேரும்.

நேரம் ஒதுக்கி வீடியோவுக்கு வந்தவருக்கு நன்றியாக ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுப்பதில் தவறில்லை. முன்கூட்டிச் சொல்லாமல், எடுத்து முடித்த பிறகு, அவர் என்ன சொல்லியிருந்தாலும் கொடுங்கள்.

எங்க மூலிகைத் தூளு சாப்பிட்டு சக்கரை குறைஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் உண்மையாவே சொல்றாரு. அவரே சொல்றப்போ போடலாம்ல?

போடக்கூடாது. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் முதலிய சில நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. வாடிக்கையாளர் வாயால் வந்தாலும் கடை எடுத்துப் போட்டால் அது கடையின் விளம்பரம்தான். அவர் பொய் சொல்லவில்லை என்பது இங்கே காப்பாற்றாது. அவர் மருத்துவமனை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டாரா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவருடைய உடல்நிலை பற்றிய தகவலை மேலே சொன்ன தரவுச் சட்டம் கூடுதல் கவனம் வேண்டிய தகவலாக வைத்து, வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. வாசனை, அரைத்த பதம், சொன்ன நாளில் வந்து சேர்ந்தது பற்றி அவர் சொல்வதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டு ஆறு மாசம் கழிச்சி எடுத்துடுங்கன்னு சொன்னா? பேனருக்குக் காசு போட்டு அடிச்சாச்சே.

எடுத்துவிட வேண்டும். சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறும் உரிமையைத் தரவுச் சட்டத்தின் 38ஆவது பிரிவு தருகிறது. அதற்குப் பிறகும் பயன்படுத்தினால் 100,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எழுத்தில் கொடுங்கள் என்று இழுத்தடிக்காமல் வாயால் சொன்னாலே எடுத்துவிடுங்கள். காரணமும் கேட்காதீர்கள். முடிந்துபோன நிச்சயதார்த்தம், பிரிந்துபோன கணவன் என்று சொல்ல முடியாத காரணங்கள் இருக்கும்.

எடுக்க வேண்டுமானால் எங்கெங்கே போட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டில் பெயர், சம்மதித்த தேதி, போட்ட இடங்கள், முடியும் தேதி என்று கோடு போட்டு எழுதி வையுங்கள். முகநூலில் மூலப் பதிவை அழித்தால் அதைப் பகிர்ந்தவர்கள் பக்கத்திலும் தெரியாது. ஆனால் யாராவது இறக்கி வைத்துக்கொண்டதை யாராலும் திரும்ப வாங்க முடியாது, இதைச் சம்மதம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். காசு போட்டு அடிக்கும் பேனரில் வாடிக்கையாளர் வாசகத்துக்குத் தனிக் கட்டம் விட்டு, ஸ்டிக்கராக ஒட்டும்படி கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அந்த ஸ்டிக்கரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மருமக சம்மதம் சொல்லிட்டாங்க. இப்போ மாமியார் கடைக்கு வந்து எடுக்கச் சொல்லிச் சத்தம் போடுறாங்க. யார் பேச்சைக் கேட்கிறது?

சம்மதம் மருமகளுடையது, முடிவும் அவருடையதுதான். மாமியாரிடம் வாதாட வேண்டாம். "சரிங்கம்மா, அவங்ககிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பதிவை மறைத்து வையுங்கள். மறைத்ததைத் திரும்பக் காட்டலாம், ஆனால் ஒரு வீட்டுக்குள் மூட்டிவிட்ட சண்டையை நம்மால் அணைக்க முடியாது.

பிறகு மருமகளைத் தனியாகக் கேளுங்கள், குடும்பக் குழுவில் கேட்காதீர்கள். "பதிவை இப்போதைக்கு மறைச்சி வச்சிருக்கேன். அப்படியே விட்டுடவா, பேர எடுத்துட்டுப் போடவா, மறுபடி போடவா?" என்று மூன்று வழியையும் அவர் முன் வையுங்கள். தையல்கார அக்கா கேட்டபோது பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு ரவிக்கையின் கைப்பகுதிப் படத்தை மட்டும் போடச் சொன்னார் அந்தப் பெண். நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, புதிய சம்மதத்தைப் புதிய தேதியோடு எழுதினார்கள். பதில் வராவிட்டால் மறைத்தது மறைத்தபடியே இருக்கட்டும்.